குளிர் முகப்பும் வெப்ப முகப்பும்

1911ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆந் திகதி. ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள மிசூரி மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் என்னும் நகரிலே, மாரிகாலம் நெருங்கிவிட்ட அந்நாளிலும், இளஞ்சூடான காற்று வீசிக்கொண்டிருந்தது. பிற்பகல் 3.45 மணியளவில் வெப்பமானி 80 பாகை பரனைற்றைக் காட்டியது. இன்றைய அளவிற் சொல்வதாயின் அது ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். இலங்கையிற் பழகிய ஒருவர் மேலங்கியின்றி உலாவத்தக்க வெப்பநிலை. பதினைந்து நிமிடங்கள் கழிந்தன. காற்று திசைமாறி வடமேற்கிலிருந்து சீறிப்பாய்ந்தது. வெப்பமானி 40 பாகைக்கு, அதாவது செல்சியஸில் 4 பாகைக்கு, இறங்கியிருந்தது. அன்று நள்ளிரவுக்குள் அது 13 பாகை பரனைற்றுக்கு வீழ்ந்தது. நீர் உறையும் நிலைக்கு மிகக் கீழே, செல்சியஸிற் கழித்தல் 11 பாகை ஆகும் அது. அந்தத் திகதிக்குரிய மிகக் கூடிய வெப்பமும் மிகக் குறைந்த வெப்பமும் ஒரே நாளிற் பதிவாகிய விந்தை அந்நகரில் நிகழ்ந்தது.

அன்று அந்நகரைக் கடந்து சென்றது ஒரு குளிர் முகப்பு. ஆயினும் 1911ஆம் ஆண்டிலே அப்பெயர் எவருக்குந் தெரியாது. அப்பெயர் வழங்கத் தொடங்கியது முதலாம் உலக யுத்தத்தின் பின்னரே.

யுத்த காலத்தில் நோர்வே நாட்டுக்குப் பிரித்தானியாவிலிருந்து வரும் வானிலைத் தந்திகள் நின்றுபோயின. மேற்கிலிருந்து வரும் புயலை முன்கூட்டி அறிய வழியில்லை. உணவுத் தட்டுப்பாடு மிக்கிருந்த அந்நாட்டில் உழவருக்கும் மீனவருக்கும் வானிலை முன்னறிவிப்பு இன்றியமையாததாயிற்று. பேர்கன் நகரிற் பணிபுரிந்த வில்கெல்ம் பியர்க்னெஸ் என்னும் பேராசிரியர், 1918ஆம் ஆண்டுக் கோடையில் நோர்வேயின் மேற்குக் கரையோரத்தில் அவதான நிலையங்களை நெருக்கமாக அமைக்க ஏற்பாடு செய்தார். அந்நிலையங்கள் தந்த விபரங்களைப் படத்திற் குறித்துப் பார்த்தபோது, காற்றும் மழையும் வெப்பநிலையும் பரந்த வெளியிற் சிறிது சிறிதாக மாறவில்லை என்பதும், ஒடுங்கிய சில கோடுகளிலேயே மாறுகின்றன என்பதும் புலனாயின. பேராசிரியரின் மகன் யாக்கொப் பியர்க்னெஸ், இருபத்தொரு வயதில், 1919ஆம் ஆண்டு இவ்வுண்மையைக் கட்டுரையாக வெளியிட்டார். எதிரெதிரே நின்ற படைகளின் போர்முகப்பு அக்காலத்தில் எல்லார் மனத்திலும் பதிந்திருந்தது. அச்சொல்லையே வானிலையாளரும் எடுத்துக்கொண்டனர்.

முகப்பு என்பது யாது? பல நூறு கிலோமீற்றர் பரப்பில் ஒரே தன்மையுடன் கிடக்கும் காற்றுத் தொகுதி வளித்திணிவு எனப்படும். கனடாவின் உறைபனி நிலத்தின்மேல் நாட்கணக்காகக் கிடந்த வளித்திணிவு குளிர்ந்தும் வரண்டும் இருக்கும். மெக்சிக்கோ விரிகுடாவின்மேற் கிடந்தது வெப்பமும் ஈரமும் மிக்கிருக்கும். இவ்விரண்டுஞ் சந்திக்கும்போது உடனே ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை. இடையே ஓர் எல்லை நிற்கும். அவ்வெல்லையே முகப்பு. குளிர்காற்று முன்னேறி வெப்பக்காற்றின் இடத்தைப் பிடிக்குமாயின் அது குளிர் முகப்பு. வெப்பக்காற்று முன்னேறக் குளிர்காற்றுப் பின்வாங்குமாயின் அது வெப்ப முகப்பு.

இவ்வெல்லை சுவர்போல நிமிர்ந்து நிற்பதன்று என்பதே இங்கு முதன்மையாக அறியவேண்டியது. குளிர்காற்றுப் பாரமானது, வெப்பக்காற்று இலேசானது. ஆகவே எந்த முகப்பாயினும் குளிர்காற்று நிலத்தையொட்டி ஆப்புப்போலக் கீழே கிடக்க, வெப்பக்காற்று அதன்மேற் சாய்ந்திருக்கும். குளிர்காற்று எப்பக்கத்தில் உள்ளதோ அப்பக்கமாகவே எல்லையும் மேலே சாயும். வெப்ப முகப்பிற் குளிர்காற்று முன்னே இருக்கிறது. ஆதலின் எல்லை முன்னோக்கிச் சாய்ந்து, இனிமேற் கடக்கவிருக்கும் ஊர்களின் தலைக்குமேல் முன்கூட்டியே நீண்டு நிற்கும். குளிர் முகப்பிற் குளிர்காற்றுப் பின்னே வருகிறது. ஆதலின் எல்லை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முகிலிலும் மழையிலும் வெப்பநிலை மாற்றத்திலும் இவ்விரு முகப்புகளுக்கிடையே காணப்படும் வேறுபாடுகள் பெரும்பாலும் இந்தச் சாய்விலிருந்தே பிறக்கின்றன.

வெப்ப முகப்பை முதலில் நோக்கலாம். அதன் சாய்வு மிக மெலிது. எல்லை ஒரு கிலோமீற்றர் உயர்வதற்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தூரஞ் செல்லவேண்டும். குளக்கட்டின் சரிவில் ஒருவர் ஏறுவதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு இலகுவான ஏற்றம் அது. வெப்பக்காற்று அச்சரிவிலே செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர் வீதமே உயர்கிறது. உயர உயரக் காற்றுக் குளிர்ந்து அதன் ஈரம் முகிலாகிறது. மெதுவாகவும் பரவலாகவும் எழுந்த காற்றாதலின், முகிலும் விரித்த பாய்போலப் படையாகவே அமைகிறது.

மேற்கு ஐரோப்பாவின் கரையிலுள்ள ஓர் ஊரை ஒரு வெப்ப முகப்பு நெருங்குகிறது எனக் கொள்க. அது மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. எல்லையின் மேல் நுனி 8 கிலோமீற்றர் உயரத்திலுள்ளது. கிலோமீற்றருக்கு 150 என்ற கணக்கில், நிலத்தில் முகப்பு நிற்கும் இடத்துக்கும் அம்மேல் நுனிக்கும் இடையே 1,200 கிலோமீற்றர் தூரம் உண்டு. முகப்பு அத்தூரத்தைக் கடக்க 30 மணித்தியாலம் எடுக்கும். ஆகவே முகப்பு வந்து சேர்வதற்கு ஒரு நாளுக்கும் மேல் முன்னதாகவே அதன் முதல் அடையாளம் வானில் தோன்றிவிடுகிறது.

அவ்வடையாளம் பஞ்சைக் கோதிவிட்டாற்போன்ற கீற்றுமுகில். அது பனிப்பளிங்குகளாலானது. சில மணித்தியாலங்களில் அக்கீற்றுகள் கூடி வானமெங்கும் மெல்லிய வெண்டிரையாகப் பரவும். அப்போது ஞாயிற்றையோ திங்களையோ சுற்றி ஒளிவட்டம் ஒன்று தெரிவதுண்டு. திரை தடித்துச் சாம்பல் நிறமாகும்போது வட்டம் மறைந்து, ஞாயிறு தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் வைத்த விளக்குப்போல மங்கிவிடும். அதன் பின்னரே முகில் தாழ்ந்து கருகி மழை தொடங்கும். மழை விழும் பகுதி முகப்புக்கு முன்னே ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வரை பரந்திருக்கும். முன்சொன்ன வேகத்தில் அது கடக்க ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாது. இடியோ மின்னலோ பெரும்பாலும் இல்லை. அடர்த்தியின்றி, விடாது, ஒரே சீராக நனைக்கும் மழை அது. பாரமானி இதற்கிடையிற் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும்.

முகப்பு நிலத்திற் கடந்து சென்றதும் மழை தளர்ந்து தூறலாகும், அல்லது நின்றுபோகும். வட அரைக்கோளத்திலே தென்கிழக்குக் காற்றுத் தென்மேற்காகத் திரும்பும். வெப்பநிலை சில மணித்தியாலங்களிற் சில பாகை உயரும். அந்த உயர்வைப் பலர் உணர்வதேயில்லை. வானம் தெளிந்து வெயில் எறிக்கும் என எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். ஈரமான வெப்பக்காற்றுக் குளிர்ந்த நிலத்தின்மேற் பரவுவதால் மூடுபனியும் தாழ்ந்த முகிலும் நிலைப்பதே வழக்கம்.

குளிர் முகப்பின் போக்கு இதற்கு மாறானது. அதன் சாய்வு வெப்ப முகப்பின் சாய்வைப்போல் இருமடங்கு செங்குத்தானது. ஒரு கிலோமீற்றர் உயர்வதற்கு 50 முதல் 100 கிலோமீற்றர் வரை போதும். நிலத்தின் உராய்வு அடிக்காற்றைப் பிடித்து இழுப்பதால் முகப்பின் மூக்கு நிலத்தருகே இன்னும் நிமிர்ந்து விடுகிறது. ஏரின் கொழு மண்ணைக் கிளறி எறிவதுபோல, முன்னேறும் குளிர்காற்றுத் தன்முன்னுள்ள வெப்பக்காற்றை மேலே தூக்கி எறிகிறது. அவ்வெப்பக்காற்று ஈரமும் நிலைகுலைவும் உடையதாயின் செக்கனுக்குப் பல மீற்றர் வேகத்தில் மேலெழும். அதன் விளைவாகப் படைமுகிலுக்குப் பதிலாகக் கோபுரம்போல நிமிரும் திரள்மழைமுகில் உண்டாகிறது. இடி, மின்னல், ஆலங்கட்டி, சுழன்றடிக்கும் காற்று யாவும் அதனோடு வரும். ஆயினும் அம்மழைப்பட்டி ஒடுக்கமானது. பெரும்பாலும் 50 முதல் 100 கிலோமீற்றர் அகலமே இருக்கும். குளிர் முகப்பு வேகமாகவும் செல்வதால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில், சிலவேளை அரைமணி நேரத்திலேயே, எல்லாம் முடிந்துவிடும்.

எல்லை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் வெப்ப முகப்புத் தருவதுபோன்ற ஒருநாள் அவகாசத்தைக் குளிர் முகப்புத் தருவதில்லை. தலைக்குமேல் முன்கூட்டி நீண்டு நிற்பது எதுவும் இங்கில்லை. அடிவானத்திற் கரிய முகில்வரிசை ஒன்று தெரியும். தெரிந்த சிறிது நேரத்திற்குள் அது தலைக்குமேல் வந்துவிடும். அதுவரை இறங்கிவந்த பாரமானி, முகப்புக் கடந்த கணத்திலே துள்ளி ஏறும். காற்றுத் தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குச் சடுதியாகத் திரும்பும். வெப்பநிலையும் அவ்வாறே சடுதியாக வீழும். ஏனெனில், முகப்புக் கடந்தவுடன் ஓர் ஊர் நிற்பது ஆப்பின் மெல்லிய நுனியில்; அடுத்தடுத்த மணித்தியாலங்களில் அவ்வூரின்மேல் அந்த ஆப்பு வரவரத் தடிக்கிறது. ஸ்பிறிங்பீல்ட் நகரில் முதற் பதினைந்து நிமிடத்தில் 40 பாகை பரனைற்று வீழ்ந்தது முகப்பின் வேலை. பின்னர் நள்ளிரவு வரை மேலும் 27 பாகை வீழ்ந்தது, பின்தொடர்ந்த குளிர்காற்றின் தடிப்பும் இரவின் இயல்பான குளிர்ச்சியும் சேர்ந்து செய்த வேலை.

அந்த நாளின் கொடுமை வெப்பமானியோடு நின்றுவிடவில்லை. வடக்கே விஸ்கொன்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகர்ப்புறத்தில், முகப்பினால் எழுந்த இடிமுகிலிலிருந்து கடுஞ்சுழல்காற்று ஒன்று இறங்கி ஒன்பது பேரைப் பலிகொண்டது. இடிபாடுகளுக்குள் அகப்பட்டவர்களைத் தேடியவர்கள், ஒரு மணித்தியாலம் கழியுமுன்னரே பனிப்புயலில் நின்று தேடவேண்டியதாயிற்று. காலையில் மெல்லிய உடையோடு வெளியே சென்றவருக்கும், மேய்ச்சல் வெளியில் விடப்பட்ட கால்நடைகளுக்கும் இத்தகைய முகப்பே பெரும் பகை. ஆபத்து அதன் குளிரில் மட்டுமன்று. அவகாசம் தராத அதன் வேகத்திலும் உள்ளது.

அவ்வாறாயின் வெப்ப முகப்புச் சாதுவானது எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதற்கு 1998ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கனடாவின் மொன்றியல் நகரும் அதன் சுற்றுப்புறமும் பட்ட பாடு சான்றாகும். இலங்கையிலிருந்து சென்று குடியேறிய தமிழர் பலரும் வாழும் நகரம் அது.

சென் லோறன்ஸ் ஆற்றின் பள்ளத்தாக்கிலே உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட காற்று, நிலத்தையொட்டி ஒரு மெல்லிய படையாகத் தேங்கியிருந்தது. தெற்கிலிருந்து வந்த வெப்பமும் ஈரமும் மிக்க காற்று அதன்மேல் ஏறிச்சென்றது. மேலே பனியாகப் பிறந்தது, இடையிலுள்ள வெப்பப்படையில் உருகி மழைத்துளியாயிற்று. அத்துளி கடைசியில் நிலத்தருகேயுள்ள குளிர்ப்படைக்குள் விழுந்தபோது, மீண்டும் பனியாவதற்கு நேரம் போதவில்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இருந்து, எதனைத் தொட்டதோ அதன்மேல் அக்கணமே கண்ணாடிபோல உறைந்தது. குளிர்ப்படை இன்னும் தடித்திருந்தால் துளிகள் வழியிலேயே உறைந்து பனிக்கட்டி மணிகளாய் விழுந்து சிதறியிருக்கும், கேடும் குறைந்திருக்கும்.

இத்தகைய உறைமழை பொதுவாகச் சில மணித்தியாலங்களே நீடிக்கும். ஏனெனில் முகப்பு முன்னேறக் குளிர்ப்படை அகன்று, மழை வெறும் மழையாகிவிடும். அம்முறையோ பள்ளத்தாக்கின் வழியே வடகிழக்கிலிருந்து குளிர்காற்று மேன்மேலும் ஊட்டப்பட்டது. மேலேறிய வெப்பக்காற்றினால் அதனை இடம்பெயர்க்க இயலவில்லை. ஜனவரி 5 முதல் 10 வரை விட்டுவிட்டு உறைமழை பெய்தது. மரக்கிளைகள் முறிந்தன, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன, பனிக்கட்டியின் பாரந் தாங்காது இரும்புக் கோபுரங்கள் வரிசையாக மடங்கின. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கடுங்குளிரில் மின்சாரமின்றி இருந்தனர். சிலருக்கு அது மீண்டும் கிடைக்க வாரக்கணக்காயிற்று. ஒரு கிலோமீற்றர் மேலே இளஞ்சூடான காற்று ஓடிக்கொண்டிருந்த அவ்வேளையில் கீழே இந்த நிலை. வெப்ப முகப்பின் வெப்பம் வானில் முந்தியும் நிலத்திற் பிந்தியும் வரும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

இங்கே கூறிய குறிகள் யாவும் எப்போதும் வழுவாது நிகழும் எனக் கருதலாகாது. வெப்பக்காற்று வரண்டதாயிருப்பின், குளிர் முகப்பு முகிலே இன்றிக் காற்றும் குளிருமாக மட்டுங் கடந்துவிடும். வெப்பக்காற்று நிலைகுலைந்ததாயின், வெப்ப முகப்பின் படைமுகிலுக்குள்ளும் இடிமுகில் மறைந்திருக்கக்கூடும்; விமானிகள் அஞ்சுவது இதனையே. வேகமாக வரும் குளிர் முகப்பு, முன்செல்லும் வெப்ப முகப்பை எட்டிப்பிடித்துவிட்டால் இரண்டின் குறிகளும் கலந்து தோன்றும். ஆதலின் முகிலை மட்டும் நோக்காது காற்றின் திசை, பாரமானி, வெப்பமானி ஆகிய மூன்றையும் சேர்த்தே தீர்ப்புக் கூறுவது வானிலையாளர் வழக்கம். மூன்றும் ஒரே வேளையிற் சடுதியாக மாறினால் கடந்தது பெரும்பாலும் குளிர் முகப்பாகவே இருக்கும்.

இலங்கையில் இம்முகப்புகள் ஏன் வருவதில்லை என மாணவர் வினவுவதுண்டு. முகப்பு உண்டாவதற்குத் தன்மையில் மிக வேறுபட்ட இரு வளித்திணிவுகள் அருகருகே வரவேண்டும். மத்திய கோட்டுக்கு அண்மையில் எத்திசையிலிருந்து வருங் காற்றும் வெப்பமான கடலின்மேல் நீண்ட தூரம் பயணஞ்செய்து ஏறத்தாழ ஒரே வெப்பநிலையை அடைந்துவிடுகிறது. வட, தென் அரைக்கோளங்களின் காற்றுகள் சந்திக்கும் வலயத்தையும் ஒருகாலத்திற் சில நூல்கள் முகப்பு என்றே அழைத்தன. அதன் இருபுறத்திலும் வெப்பநிலை வேறுபாடு இல்லையென்பது தெளிவானதும் அப்பெயர் கைவிடப்பட்டு, இடை அயன ஒருங்கல் வலயம் என்ற பெயர் நிலைத்தது. வங்காள விரிகுடாவிற் பிறக்கும் சூறாவளிகளும் அவ்வாறே. 1978ஆம் ஆண்டு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் வெப்ப முகப்பும் இல்லை, குளிர் முகப்பும் இல்லை; கடலின் வெப்பமும் ஈரமுமே அதற்கு உணவு.

எனவே இலங்கையின் வானில் ஒருநாள் கீற்றுமுகில் பரந்து திங்களைச் சுற்றி வட்டம் தோன்றினால், மறுநாள் வெப்ப முகப்பு வரும் என எவரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அவ்வட்டம் மேலே பனிப்பளிங்கு உண்டு என்பதை மட்டுமே இங்கு உணர்த்தும். அதே வட்டம் இலண்டனிலோ ஒஸ்லோவிலோ மொன்றியலிலோ தோன்றி, பாரமானியும் இறங்கத் தொடங்குமாயின், முன்னோக்கிச் சாய்ந்த ஒரு சரிவின் மேல் நுனி தலைக்குமேல் வந்துவிட்டது என்பது பொருள். அங்கு வாழ்பவருக்குக் குடையை எடுத்துவைக்க ஒரு நாள் அவகாசம் உண்டு. நிலத்திலே நீர் உறையுங் குளிர் நிலவுமாயின், குடையோடு விளக்கும் விறகும் எடுத்துவைப்பது நன்று.